பீம் விரிசலுக்கு எபாக்ஸி ஏற்றுவது: செய்முறையும், அது மட்டும் போதாத இடங்களும்

பீமில் விரிசல் தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். யாராவது வந்து பார்த்து, "பத்து நிப்பிள் வைத்து எபாக்ஸி ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் சார்" என்று சொல்லி, எபாக்ஸியை உள்ளே செலுத்த விரிசலின் மேல் வைக்கும் சின்னக் குழாய்தான் நிப்பிள், ஒரு நிப்பிளுக்கு இவ்வளவு என்று ரேட்டும் பேசிவிடுவார். வேலை முடிந்து பூச்சும் பெயிண்டும் வந்துவிட்டால் விரிசல் கண்ணில் படாது. ஆனால் அந்த விரிசல் ஏன் வந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எபாக்ஸி என்பது ரெசினும் ஹார்டனரும் கலந்ததும் இறுகும் பசை, அது என்ன செய்யும் என்பதை முதலிலேயே சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பிளந்து நிற்கும் கான்கிரீட்டின் இரண்டு முகங்களையும் அது ஒட்டிவிடும், அந்த ஒட்டு கான்கிரீட்டைவிட வலுவாகவே இருக்கும். ஆக விரிசல் விழுவதற்கு முந்தைய நாள் பீம் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்ப வரும். அதற்கு மேல் ஒரு கிலோ எடையைக்கூட அது கூடுதலாகத் தாங்க வைக்காது. முந்தைய நாள் இருந்த பலமே போதாமல்தான் விரிசல் விழுந்தது என்றால், ஒட்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளிப் புதிதாக ஒன்று விழும்.

முதலில் விரிசலைப் படியுங்கள்

பூச்சின் மேல் தெரியும் விரிசலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விரிசலின் இரண்டு பக்கமும் அரையடி அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, வயர் பிரஷ் போட்டு, கான்கிரீட்டையே பாருங்கள். பல நேரம் விரிசல் பூச்சோடு நின்றுபோயிருக்கும், வேலை அங்கேயே முடிந்துவிடும். கான்கிரீட்டிலும் இருந்தால் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள், காரணத்தின் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பீமின் நடுப்பகுதியில், அடியில் தொடங்கி நேராக மேலே ஏறி, ஏற ஏற மெலிந்து மறைகிற விரிசல் வளைவினால் வருவது. கம்பி வேலை செய்ய வேண்டுமென்றால் அடிப்பக்கக் கான்கிரீட் கொஞ்சம் பிளந்துதான் ஆக வேண்டும், டிசைன் கணக்கிலேயே அந்தக் கான்கிரீட்டின் இழுவிசை பலத்தைச் சேர்ப்பதில்லை. அதனால் மயிரிழை அளவில் இருந்தால் பதற வேண்டியதில்லை. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் 0.3 மி.மீ. வரை ஏற்றுக்கொள்கிறது, எப்போதும் ஈரம் படும் இடமென்றால் 0.2 மி.மீ., கடுமையான சூழலென்றால் 0.1 மி.மீ.

தூணுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 45 டிகிரியில் சாய்வாக ஓடும் விரிசல் வேறு ரகம். அது வெட்டுவிசையால், அதாவது ஷியரால் வருவது. வளைவில் உடையும் பீம் தொங்கிக் காட்டி எச்சரிக்கை கொடுக்கும், ஷியரில் உடையும் பீம் அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் போகலாம். சாய்வு விரிசலைப் பார்த்தால் மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் முட்டு கொடுங்கள்.

மூன்றாவது, பீமின் அடியிலோ பக்கவாட்டிலோ நீளவாக்கில் கம்பி போகும் தடத்திலேயே ஓடும் விரிசல். பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எபாக்ஸி ஏற்றவே கூடாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அகலத்தை அளக்க கிராக் கேஜ் என்று கண்ணாடி போன்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை கிடைக்கும், அதில் 0.1, 0.2, 0.3 என்று கோடுகள் இருக்கும், விரிசலின் மேல் வைத்து எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். அடுத்து விரிசல் இன்னும் அசைகிறதா என்று தெரிய வேண்டும். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்ஸியால் இரு முனையிலும் ஒட்டி, தேதியை எழுதிவிட்டுச் சில வாரங்கள் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது.

ஒரு பீமை எடுத்துக்கொள்வோம்

தரைத்தள ஹாலுக்கு மேலே போகும் 9 அங்குலம் அகலம், 18 அங்குலம் உயரம், 15 அடி நீளப் பீம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு மாடிதான் என்று கட்டியது. சில வருடம் கழித்து மேலே இன்னொரு மாடி எழுப்பியபோது, இந்தப் பீமின் தலைமேலேயே 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை 10 அடி உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவர் மட்டுமே சுமார் 6 டன் வரும். இப்போது ஒரு தூணுக்கு அருகில் இரண்டு முகத்திலும் சாய்வாக 0.6 மி.மீ. விரிசல், நடுவில் நேராக நான்கு மெல்லிய விரிசல்கள், ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. அளவில். கம்பி தேடும் கருவியை வைத்துப் பார்த்தால் தூணுக்குப் பக்கத்தில், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டி ஷியரைத் தாங்க வேண்டிய ரிங் கம்பிகள் நெருக்கமாக இல்லாமல் 10 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. நம் ஊரில் அடிக்கடி பார்க்கிற நிலவரம்தான் இது.

இங்கே நடுவிலுள்ள நான்கும் பெரிய பிரச்சினை இல்லை. சாய்வு விரிசல்தான் பிரச்சினை, அதற்குக் காரணம் கூடுதல் சுமையும் போதாத ரிங் கம்பியும். எபாக்ஸி ஏற்றத்தான் வேண்டும், ஆனால் அதோடு நிறுத்த முடியாது.

முட்டு

விரிசலுக்கு இரண்டு பக்கமும், நடுவிலும் ஜாக்கி முட்டு கொடுங்கள், அடியில் பலகை போட்டுச் சுமை பரவட்டும். மாடியில் உள்ள பீம் என்றால் கீழ்த் தளத்திலும் அதே இடத்துக்கு நேராக முட்டு இருந்து தரை வரை போக வேண்டும், இல்லாவிட்டால் சுமையைக் கீழ் ஸ்லாபின் தலையில் இறக்கிவைக்கிறீர்கள். முடிந்தால் மேலே இருக்கும் சாமான்களையும் தண்ணீர்த் தொட்டி நீரையும் இறக்கிவிடுங்கள்.

முட்டு ஆளின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. சுமை ஏறியிருக்கும்போதே எபாக்ஸி ஏற்றினால், கம்பி ஏற்கனவே சுமக்கும் இழுவிசை அப்படியே கம்பியில் தங்கிவிடும், எபாக்ஸி இனி வரப்போகிற சுமைக்கு மட்டும்தான் பங்கு கொடுக்கும். சுமையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஏற்றினால், பிறகு முட்டுகளை எடுக்கும்போது ஒட்டிய கான்கிரீட்டும் சேர்ந்து சுமக்கும். அதற்காக ஜாக்கியைத் திருகித் திருகிப் பீமையே தூக்கிவிடாதீர்கள், முட்டுக்கு மேலே பீமின் தலைப்பக்கம் புது விரிசல் விழும். முட்டு இறுகிச் சுமையை வாங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்றும் வேலை

விரிசலைச் சுத்தம் செய்யும்போதே பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன. கிரைண்டர் வைத்து விரிசலின் மேல் V வடிவத்தில் வெட்டுவது பலருக்கும் பழக்கம். 0.2 மி.மீ. விரிசலில் அந்தத் தூள் போய் வாயை அடைத்துக்கொண்டால் அப்புறம் எந்தப் பிரஷரிலும் எபாக்ஸி உள்ளே போகாது. வயர் பிரஷ் போடுங்கள், எண்ணெய் கலக்காத காற்றை அடித்து ஊதுங்கள், முடிந்தால் வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். சாதாரண எபாக்ஸிக்கு உலர்ந்த முகம் வேண்டும். ஈரத்திலும் ஒட்டக்கூடிய ரகங்கள் தனியாக இருக்கின்றன, தண்ணீர் கசியும் இடமென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து நிப்பிள். மெல்லிய விரிசலுக்கு மேலே ஒட்டும் தட்டு நிப்பிளே நல்லது, துளை போட்டால் அந்தத் தூளும் உள்ளேதான் போகும். நிப்பிளின் துளை வழியாக ஓர் ஆணியை விட்டு, ஆணி நுனியை விரிசலின் வாயில் நிறுத்தி, தட்டின் ஓரத்தில் மட்டும் எபாக்ஸி புட்டி தடவி ஒட்டுங்கள், ஒட்டியதும் ஆணியை உருவிவிடுங்கள். இப்படிச் செய்தால் துளை விரிசலுக்கு நேராகவே உட்காரும், புட்டியும் துளையை அடைக்காது. நம் பீம் 9 அங்குலம் அகலம், இரண்டு முகமும் கைக்கு எட்டுகிறது, ஆகவே 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் சரி. ஒரே பக்கம்தான் எட்டும் என்றால், எபாக்ஸி எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ குறைந்தது அவ்வளவு இடைவெளி விட வேண்டும். ரொம்ப நெருக்கமாக வைத்தால் எபாக்ஸி ஆழத்துக்குப் போகாமல் மேலாகவே ஓடி அடுத்த நிப்பிளில் வந்துவிடும், நீங்களும் நிறைந்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

நிப்பிள்களுக்கு இடையே விரிசல் முழுவதையும் புட்டியால் மூடுங்கள், இரண்டு முகத்திலும், அடியிலும். பின்பக்கம் பூச்சு அப்படியே இருக்கட்டும், அதுவே அடைப்புதானே என்று விடக் கூடாது. எபாக்ஸி பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், விரிசல் காலியாக நிற்கும். புட்டி ஓர் இரவு காய்ந்ததும் ஒரு நிப்பிளில் லேசாகக் காற்று கொடுத்து, மற்ற நிப்பிள்களில் வருகிறதா, புட்டி ஓரத்தில் எங்காவது கசிகிறதா என்று சோப்பு நீரை வெளியே லேசாகத் தொட்டுப் பாருங்கள். கசிந்தால் துடைத்து, உலரவிட்டு, அங்கே மறுபடி புட்டி.

எபாக்ஸி விரிசலுக்கென்றே வரும் நீர்த்த ரகமாக இருக்க வேண்டும், ஒட்டுவதற்கு விற்கும் கெட்டியான ரகம் உள்ளே போகாது. அதை நீர்க்க வைக்க தின்னர் கலக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், தின்னர் ஆவியாகிப் போன இடம் வெற்றிடமாகிவிடும். ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில்தான் கலக்க வேண்டும், அந்த விகிதம் எடையா கொள்ளளவா என்பதையும் பாருங்கள். மொத்தமாகக் கலக்காதீர்கள். பெரிய டப்பாவில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்து சில நிமிடத்தில் இறுகிவிடும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம், அதனால் காலையில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஹார்டனர் தோலைப் புண்ணாக்கும்.

சாய்வு விரிசலில் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள நிப்பிளில் தொடங்குங்கள். கீழிருந்து மேலே போனால் உள்ளே இருக்கும் காற்றை எபாக்ஸி தள்ளிக்கொண்டே போகும், மேலிருந்து தொடங்கினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிரஷரைக் குறைவாக, சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோ அளவில் வைத்துப் பொறுமையாக ஏற்றுங்கள். மெல்லிய விரிசல் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரஷரை ஏற்றினால் புட்டி பிய்த்துக்கொள்ளும், விரிசலும் விரியலாம். அடுத்த நிப்பிளில் காற்றுக் குமிழி இல்லாமல் சுத்தமாக எபாக்ஸி வந்ததும் அதை மூடிவிட்டு, இதே நிப்பிளில் இனி வாங்கவில்லை என்கிற வரை பிடித்து, பிறகு இதையும் மூடி அடுத்ததற்குப் போங்கள். பின்முகத்தில் உள்ள நிப்பிளிலும் வருகிறதா என்று ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், விரிசல் முழு அகலத்துக்கும் நிறைகிறது என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி. கடைசி நிப்பிளை முடித்த பிறகு, இறுகுவதற்கு முன் ஆரம்பித்தவற்றுக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை பிரஷர் கொடுங்கள்.

எவ்வளவு எபாக்ஸி போக வேண்டும்?

இந்தக் கணக்கை வீட்டுக்காரர்களும் போட வேண்டும் என்பேன். சாய்வு விரிசலின் நீளம் 400 மி.மீ., பீமின் அகலம் 230 மி.மீ., திறப்பு 0.6 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் சுமார் 55 மில்லி. நடுவில் உள்ளவை ஒவ்வொன்றும் 250 மி.மீ. உயரம், அடியில் 0.2 மி.மீ., மேலே போகப் போகப் பூஜ்யம், ஆகவே பாதியை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 மில்லி. மொத்தப் பீமுக்கும் சேர்த்து 80 மில்லியைத் தாண்டாது. குழாயிலும் பம்பிலும் வீணாவது விரிசலுக்குள் போவதைவிட அதிகமாக இருக்கும்.

அப்படியிருக்க, "உங்கள் பீம் நாலு கிலோ குடித்தது சார்" என்று பில் வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: எபாக்ஸி பூச்சுக்குப் பின்னாலோ வேறெங்கோ ஓடியிருக்கிறது, அல்லது உள்ளே கல்லும் இடைவெளியுமாகத் தேன்கூடு போன்ற கான்கிரீட் இருக்கிறது. இரண்டாவது என்றால் அது வேறு வியாதி, என்ஜினியரை அழைக்க வேண்டும். மாறாக 5 மில்லிகூடப் போகவில்லை என்றால் விரிசல் அடைத்திருக்கிறது, வேலை ஆகவில்லை. முக்கியமான பீம் என்றால் ஒரு நாள் கழித்து, கம்பியில் படாத இடமாகப் பார்த்து 50 மி.மீ. விட்டத்தில் ஒரு கோர் எடுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் விரிசல் இருந்த இடம் பளபளப்பான கோடாக, ஆழத்தில் பத்தில் ஒன்பது பங்காவது நிறைந்திருக்க வேண்டும்.

சிமெண்ட் கிரவுட் எங்கே?

எபாக்ஸி விலை அதிகம், சிமெண்ட் பாலை ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். சாதாரண சிமெண்டில் 90 மைக்ரான், அதாவது 0.09 மி.மீ. வரை பெரிய துகள்கள் இருக்கின்றன. அவை இரண்டு மூன்று சேர்ந்தாலே 0.3 மி.மீ. விரிசலின் வாய் அடைத்துவிடும், உள்ளே தண்ணீர்தான் போகும். சில மி.மீ. அகலமான பிளவு, தேன்கூடு கான்கிரீட், பெரிய வெற்றிடம், இங்கெல்லாம்தான் சுருங்காத சிமெண்ட் கிரவுட் பொருந்தும், எபாக்ஸியை அங்கே கொட்டினால் செலவு மட்டுமல்ல, மொத்தமாக இறுகும்போது சூடும் ஏறும். கிரவுட்டுக்கு முன் கான்கிரீட்டை நன்றாக நனைத்து, தேங்கிய நீரை ஊதி எடுக்க வேண்டும், எபாக்ஸிக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் இழுவிசையைத் தாங்கும் ஒட்டு சிமெண்ட் கிரவுட்டில் எதிர்பார்க்காதீர்கள், அது இடத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

ஏற்றினால் மட்டும் போதாத இடங்கள்

துருப்பிடித்த கம்பியை முதலில் சொல்ல வேண்டும், சென்னை முதல் தூத்துக்குடி வரை கடலோர ஊர்களில் இதுதான் அதிகம். துரு, இரும்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில்தான் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பிளக்கிறது. விரிசலை எபாக்ஸியால் அடைத்தாலும் கம்பியைச் சுற்றி உள்ள உப்பும் ஈரமும் அங்கேயே இருக்கும், துரு நிற்காது, கொஞ்ச நாளில் பக்கத்தில் பிளக்கும். கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் ஓர் அங்குலம் வரை உடைத்து, கம்பியைப் பளபளப்பு வரும் வரை சுத்தம் செய்து, மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி சேர்த்து, பிறகு பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ போட வேண்டும். எவ்வளவு உடைக்க வேண்டும் என்று தெரிய, உடைத்த முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசல் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கிறது, நிறமே மாறாத பகுதி கம்பியைக் காக்கும் சக்தியை இழந்துவிட்டது. உப்பை இது காட்டாது, கடலோரத்தில் தூளை எடுத்து லேபில் குளோரைடு பார்ப்பது தனி.

அசையும் விரிசல் இரண்டாவது. அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருந்தாலோ, வெயிலுக்கு விரிந்து சுருங்கும் இடமாக இருந்தாலோ எபாக்ஸி அதை நிறுத்தாது. இறக்கம் நின்ற பிறகுதான் ஏற்ற வேண்டும். தீ பட்ட பீமும் அப்படியே, அங்கே கான்கிரீட்டும் கம்பியும் எவ்வளவு பலம் இழந்தன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எபாக்ஸியே சூட்டில் இளகும் பொருள் என்பதால், அதை நம்பி நிற்கும் பீமுக்குத் தீயிலிருந்து காப்பும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது நம் பீம், பலமே போதாதது. இங்கே முதலில் செய்ய வேண்டியது சுமையைக் குறைப்பது. மேலே உள்ள 9 அங்குலச் செங்கல் சுவரை எடுத்துவிட்டு 6 அங்குல ஏஏசி என்கிற எடை குறைந்த பிளாக்கில் கட்டினால், பூச்சோடு சேர்த்தே சுமார் 2 டன்தான் வரும். இதைவிட மலிவான பலப்படுத்தல் கிடையாது, ஆனாலும் சுவரை இடிக்கச் சொன்னால் வீட்டுக்காரர்கள் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், விடாமல் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ரிங் கம்பி போதுமா என்று ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கணக்குப் போட வேண்டும். போதாவிட்டால் தூணுக்குப் பக்கத்தில் கார்பன் ஃபைபர் துணியை U வடிவத்தில் சுற்றலாம், அல்லது புது ரிங்குகளை ஸ்லாபில் துளைத்துக் கட்டி, பீமைச் சுற்றி 3, 4 அங்குலத்துக்குக் கான்கிரீட் ஜாக்கெட் போடலாம். கார்பன் சுற்றுவதென்றால் எபாக்ஸி ஏற்றும் வேலை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், பீமின் அடி விளிம்புகளை உருட்டித் தேய்க்க வேண்டும், கூர்மையான மூலையில் துணி அறுபடும். ஸ்லாப் இருப்பதால் துணியை முழுச் சுற்றும் சுற்ற முடியாது, மேல் நுனி உரிந்து வராமல் ஆங்கர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்து, குறைந்தது 7 நாள் கழித்து முட்டைத் தளர்த்துங்கள், நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும், ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. துணியோ ஜாக்கெட்டோ மூடாத இடத்தில் உடனே பூச்சு பூசிவிடாதீர்கள். ஒட்டிய விரிசலின் இரு முனையையும் பென்சிலால் குறித்து, தேதி எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் திறந்தே விட்டுவைத்துப் பாருங்கள். குறித்த முனையைத் தாண்டியோ, பழைய கோட்டுக்குப் பக்கத்தில் அதே சாய்விலோ புது இழை தெரிந்தால், எபாக்ஸிக்காரரை அல்ல, என்ஜினியரைக் கூப்பிடுங்கள், அவர் வரும் முன்னே பீமுக்கு முட்டும் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.